அனலைசர் ரிசல்ட், சாம்பிள் எண், நிறுத்திவைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், களக்காடு, வள்ளியூர் பக்கம் ரத்தம் எடுத்து பாளையங்கோட்டையில் ஓட்டும் லேப்களில் இருந்து வந்த கேள்விகள் இவை. அனலைசர் அளந்த ரிசல்ட்டைக் கம்ப்யூட்டர் தானாக எடுத்து நோயாளியின் பேரில் சேர்ப்பதும், சந்தேகமானதை வெளியே விடாமல் நிறுத்திவைப்பதும் பற்றியவை. கேட்டவர்களில் பாதிப் பேர் டெக்னீஷியன்கள், மீதிப் பேர் அவர்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிறவர்கள். உதாரணங்கள் பெரும்பாலும் பயோகெமிஸ்ட்ரி அனலைசரை வைத்தே இருக்கின்றன. செல் கவுன்ட்டருக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

"நாங்க தினமும் காலையில 1-ல இருந்து நம்பர் போடுறோம். பத்து வருஷமா ஓடுது. அதையே சாம்பிள் எண்ணா வச்சுக்கலாமா?"

ரிசல்ட்டைக் கையால் எழுதும்வரை ஓடும். கம்ப்யூட்டர் தானாக எடுத்துச் சேர்க்க ஆரம்பித்த அன்றைக்கே இடிக்கும். நேற்று ஓட்டாமல் விட்ட 47-ஐ இன்றைக்குக் காலையில் ஓட்டுகிறீர்கள். இன்றைக்கும் ஒரு 47 இருக்கிறது. அனலைசருக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கும் வேறுபாடு தெரியாது. நேற்றைய ஆளின் சர்க்கரை இன்றைய ஆளின் பேரில் போய் உட்காரும், எந்தப் பிழைச் செய்தியும் வராது.

எண் என்றைக்கும் திரும்ப வரக்கூடாது. நான் பரிந்துரைப்பது பத்து இலக்கம்: வருடத்துக்கு இரண்டு, வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதற்கு மூன்று, அன்றைய வரிசைக்கு நான்கு, கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. 2025 ஜூன் 12 அந்த வருடத்தின் 163-வது நாள். அன்றைய 47-வது டியூப் 25 163 0047. லூன் முறையில் கணக்குப் போட்டால் கடைசி இலக்கம் 8 வரும். ஆக ஸ்டிக்கரில் இருப்பது `2516300478`. பார்கோடு கிழிந்து யாராவது கையால் தட்டும்போது ஒரு இலக்கம் தவறினால் அந்த எண் செல்லாது என்று சர்வர் உடனே சொல்லிவிடும்.

எழுத்து கலக்காமல் இலக்கம் மட்டும் வைப்பதற்கு இரண்டு காரணம். கோடு 128 வகைப் பார்கோடு இலக்கங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அடைப்பதால் ஸ்டிக்கர் சின்னதாகும், டியூபில் வளையாமல் ஒட்டும். இரண்டாவது, எழுத்து `O`-வும் பூஜ்யமும் குழம்பும் பிரச்சினை இல்லை. வருடத்தை முதலில் வைப்பதால் முன்னால் பூஜ்யம் வராது. சில அனலைசர்கள் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிட்டுத்தான் அனுப்பும்.

எண் ஆளுக்கு ஒன்று இல்லை, டியூபுக்கு ஒன்று. வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரையும் சாப்பிட்ட பின் எடுத்த சர்க்கரையும் அனலைசருக்கு ஒரே `GLU`தான். எது எது என்று சொல்வது டியூபின் எண் மட்டுமே.

"எண் பொருந்தலேன்னா பேரையும் வயசையும் வச்சுச் சேர்த்துக்கலாமே?"

வேண்டாம். ஒரே காலையில் எத்தனை இசக்கியம்மாள், எத்தனை சுடலைமுத்து வருகிறார்கள் என்று உங்கள் பதிவேட்டையே புரட்டிப் பாருங்கள். வயதும் பலருக்கு உத்தேசம்தான்.

"மெஷினே இறுதின்னு `F` போட்டு அனுப்புது. அப்புறம் எதுக்கு நாம நிறுத்தி வைக்கணும்?"

அந்த `F` மெஷினின் இறுதி. "என் பக்கம் அளந்து முடித்துவிட்டேன்" என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. டியூபுக்குள் இருப்பது யாருடைய ரத்தம், எப்படி எடுத்தார்கள், எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தது என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது. மென்பொருள் எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்வது, அனலைசரின் `F`-ஐ அப்படியே நோயாளி பதிவில் இறுதி என்று மாற்றிவிடுவது. முழு ஏற்பாட்டிலும் மோசமான வரி அதுதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். கற்பனைதான், ஆனால் லேபில் இருக்கிற யாருக்கும் அந்நியமாக இருக்காது. அம்பாசமுத்திரம் கலெக்‌ஷன் சென்டரில் 58 வயது ஆண் ஒருவருக்கு ரத்தம் எடுத்தார்கள். அனலைசர் அனுப்பியது இது:

```
H|\^&
P|1
O|1|2516300478||^^^ALL|R
R|1|^^^K|9.8|mmol/L||HH||F||||20250612103412
R|2|^^^CA|4.1|mg/dL||LL||F||||20250612103412
R|3|^^^ALP|18|U/L||L||F||||20250612103418
R|4|^^^CREA|1.0|mg/dL||N||F||||20250612103425
L|1|N
```

`O` வரியில் மூன்றாவது இடத்தில் சாம்பிள் எண். ஒவ்வொரு `R` வரியிலும் மூன்றாவது டெஸ்ட், நான்காவது அளவு, ஐந்தாவது அலகு, ஏழாவது கூடுதல் குறைவு என்ற கொடி, ஒன்பதாவது அந்த `F`. பொட்டாசியம் 9.8 என்றால் ஆள் இருதயம் நின்று கிடக்க வேண்டிய அளவு. இவரோ ரத்தம் கொடுத்துவிட்டு டீ குடித்து, பஸ் ஏறி வேலைக்குப் போயிருக்கிறார்.

நடந்தது இதுதான். சிவப்பு மூடி டியூபில் ரத்தம் போதவில்லை. ஊதா மூடி டியூபில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் அதில் ஊற்றிவிட்டார்கள். ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருப்பது இடிடிஏவின் பொட்டாசியம் உப்பு. அதனால் பொட்டாசியம் எகிறியது. இடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் கால்சியம் சரிந்தது. ஏஎல்பி என்சைம் வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும், அதையும் இடிடிஏ பிடித்துக்கொண்டது, ஏஎல்பி 18-க்கு இறங்கியது. கிரியேட்டினின் மட்டும் அசையவில்லை. மெஷின் ஒவ்வொன்றையும் சரியாகத்தான் அளந்தது.

"சரி, பொட்டாசியத்தை மட்டும் நிறுத்தி வச்சுட்டு மத்ததை விட்டுடலாம்ல? டாக்டர் காத்திருப்பார்."

மேலே உள்ளதையே எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் வாரியாக விதி எழுதினால் பொட்டாசியமும் கால்சியமும் ஆபத்து எல்லையைத் தாண்டியதால் நிற்கும். ஏஎல்பி 18 என்பது "குறைவு" என்ற சாதாரணக் கொடிதான், அது கடந்து போய்விடும். பொட்டாசியத்தை எந்தக் காரணத்துக்காக நம்பவில்லையோ, அதே காரணத்தால் ஏஎல்பியும் பொய். ஆனால் அது டாக்டர் கைக்குப் போய்விட்டது.

அதனால் நிறுத்திவைப்பு டியூபுக்குத்தான், டெஸ்ட்டுக்கு இல்லை. ஒரு டெஸ்ட் நின்றால் அந்தச் சாம்பிள் எண்ணில் உள்ள எல்லாமே நிற்க வேண்டும். அதே நோயாளியின் ஊதா டியூபுக்கு வேறு எண் இருப்பதால், அதில் ஓட்டிய ரத்த அணு எண்ணிக்கை தன் பாட்டுக்குப் போகலாம். டியூபுக்கு ஒரு எண் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. காரணம் டெஸ்ட்டில் இருந்தால், உதாரணமாக அன்றைக்குப் பொட்டாசியத்தின் கன்ட்ரோல் தவறியிருந்தால், அந்த டெஸ்ட்டை மட்டும் எல்லா டியூபிலும் நிறுத்தலாம். ஆக நிறுத்திவைப்பு இரண்டு வகை: டியூபின் மேல் சந்தேகம், டெஸ்ட்டின் மேல் சந்தேகம். மென்பொருளில் இரண்டையும் தனித்தனிக் காரணமாகப் பதிய வேண்டும். "ஹோல்டு" என்று ஒரே பெட்டி வைத்தால் அதை யார் எதற்கு விடுவிப்பது என்று யாருக்கும் தெரியாது.

"அண்ணாச்சி, எங்க டியூப் எல்லாம் ஐஸ் பெட்டியிலதான் பஸ்ல வருது. ஹீமோலிசிஸ் இல்ல, சீரம் தெளிவா இருக்கு. ஆனாலும் பொட்டாசியம் கூடக்கூட வருது. இதை எப்படி விதி எழுதிப் பிடிக்கிறது?"

பெட்டியில் ஐஸ் இருப்பதே காரணமாக இருக்கலாம். சிவப்பணுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே குறைவு. இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவது அணுவின் சுவரில் உள்ள பம்ப். குளிரில் அது மந்தமாகும், பொட்டாசியம் மெதுவாக வெளியே கசியும். அணு உடைவதில்லை, அதனால் சீரம் சிவக்காது, மெஷினின் ஹீமோலிசிஸ் குறியீடும் எழும்பாது. கண்ணுக்கும் மெஷினுக்கும் நல்ல சாம்பிளாகவே தெரியும்.

இதைப் பிடிக்க ரிசல்ட் மட்டும் போதாது, நேரம் வேண்டும். ரத்தம் எடுத்த நேரம், சென்ட்ரிஃபியூஜ் செய்த நேரம், இரண்டும் சாம்பிள் எண்ணோடு பதிய வேண்டும். சென்டரில் ஸ்டிக்கர் ஒட்டும்போது ஒரு ஸ்கேன், சுற்றியபோது ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். சுற்றாமல் இரண்டு மணி நேரம் தாண்டிய சீரம் டியூபில் பொட்டாசியமோ சர்க்கரையோ இருந்தால் அந்த டியூபே நிற்கும் என்று விதி எழுதுங்கள். சர்க்கரைக்கும் ஏன் என்றால், சுற்றாத ரத்தத்தை அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை அணுக்களாலேயே தீர்ந்துவிடும். நம்ம ஊர் மே மாத வெயிலில் இன்னும் வேகமாக.

முன்னால் சொன்ன ஊதா டியூப் கலப்பையும் இதையும் வேறுபடுத்துவது கால்சியம். ஐஸ் பெட்டியில் வந்த டியூபில் பொட்டாசியம் 6.3 இருக்கும், கால்சியமும் ஏஎல்பியும் சாதாரணமாக இருக்கும். கலப்பில் மூன்றும் சேர்ந்து கோணும். பரிசீலனைத் திரையில் இந்த மூன்றையும், அதே நோயாளியின் பழைய அளவுகளோடு, பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். டெக்னீஷியன் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். சென்டரிலேயே சுற்றிச் சீரத்தைப் பிரித்து அனுப்ப முடிந்தால் இந்தக் கேள்வியே வராது. ஒரு சின்ன சென்ட்ரிஃபியூஜ் செலவு.

"சந்தேகமா இருந்தா அதே டியூபை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடுவோம். ரெண்டும் ஒண்ணா வந்தா விட்டுடலாமா?"

ரீரன் சொல்வது மெஷின் தடுமாறவில்லை என்பதை மட்டும்தான். கலப்பு நடந்த டியூபை எத்தனை தடவை ஓட்டினாலும் 9.8 பக்கத்தில்தான் வரும். டியூபின் மேல் சந்தேகம் இருந்தால் புதிதாக ரத்தம் எடுத்து, புது எண்ணில் ஓட்ட வேண்டும். பழைய எண் "நிராகரிக்கப்பட்டது" என்று காரணத்தோடு மூடப்பட வேண்டும், அழிக்கப்படக் கூடாது.

மென்பொருள் பக்கம்: ரீரன் ரிசல்ட் அதே சாம்பிள் எண், அதே டெஸ்ட் என்றுதான் வரும். முதல் அளவின் மேல் எழுதிவிடாதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எது வெளியே போகிறது என்று ஒரு ஆள் தேர்வு செய்யட்டும். ஏற்கெனவே வெளியிட்ட டெஸ்ட்டுக்கு ரீரன் வந்தால் அது சத்தமில்லாமல் உள்ளே போகாமல், புதிதாக நிறுத்திவைப்பில் வந்து நிற்க வேண்டும்.

"கரண்ட் போயிட்டு வந்தா சில ரிசல்ட் காணாமப் போகுது, சிலது ரெண்டு தடவை வருது. கேபிள் மாத்தியாச்சு. என்ன கோளாறு?"

கேபிளில் இல்லை, `ACK` அனுப்பும் நேரத்தில் கோளாறு. ஏஎஸ்டிஎம் வழக்கப்படி அனலைசர் ஒவ்வொரு ஃபிரேமாக அனுப்பும், நம் பக்கம் `ACK` சொன்னதும் அடுத்ததுக்குப் போகும். `ACK` வாங்கிவிட்டால் அதன் கணக்கில் வேலை முடிந்தது. உங்கள் நிரல் ஃபிரேமை நினைவகத்தில் வாங்கி, `ACK` சொல்லி, கடைசியில் மொத்தமாக டேட்டாபேஸில் எழுதுகிறது என்றால் அந்த இடைவெளியில் கரண்ட் போனால் ரிசல்ட் போச்சு. வரிசையை மாற்றுங்கள்: வந்ததை வந்தபடியே, பிரிக்காமல், முதலில் டிஸ்க்கில் எழுதுங்கள். எழுதி முடிந்த பிறகு `ACK`. பிரித்துப் பார்ப்பதும் பொருத்துவதும் அப்புறம். பச்சையாக எழுதிவைத்த அந்தக் கோப்பு, பின்னால் ஏதாவது தகராறு வந்தால் மெஷின் உண்மையில் என்ன சொன்னது என்பதற்கும் சாட்சி.

இரண்டு தடவை வருவதும் இதன் மறுபக்கம்தான். எழுதிவிட்டோம், `ACK` போய்ச் சேரும் முன் கரண்ட் போனது, அனலைசர் திரும்ப அனுப்புகிறது. அது நல்ல பழக்கம், தடுக்க வேண்டாம். இரண்டாவது வரவை அடையாளம் கண்டு ஒதுக்கினால் போதும்:

```
UNIQUE (instrument, sample_id, test_code, completed_at)
```

ரீரன் என்றால் முடிந்த நேரம் வேறாக இருக்கும், அது தனி வரியாக உள்ளே வரும். மறு அனுப்புதல் என்றால் நேரமும் அதேதான், ஒதுங்கிவிடும். கரண்ட் வந்ததும் அனலைசரின் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விட்டதா என்று ஒரு தடவை பாருங்கள். அனலைசர் நேரத்துக்கும் சர்வர் நேரத்துக்கும் சில நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த மெஷினின் எல்லா ரிசல்ட்டும் நிற்கட்டும்.

"ஆர்டரே இல்லாத எண்ணுக்கு ரிசல்ட் வந்தா?"

அநாதை வரிசை என்று ஒன்று வையுங்கள், அங்கே நிற்கட்டும். தானாகப் புது நோயாளியை உருவாக்காதீர்கள். அநேகமாக கன்ட்ரோலோ, கையால் தட்டிய எண்ணோ, சென்டரில் இன்னும் பதியாத டியூபோ ஆக இருக்கும். ஒரு ஆள் டியூபைக் கையில் எடுத்து ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தவர் பெயரும் பதியட்டும். மாலையில் லேப் மூடும்போது இந்த வரிசை காலியாக இருக்க வேண்டும்.

"நிறுத்தி வச்சிருக்கும்போது டாக்டர் திரையில் என்ன தெரியணும்?"

அளவு தெரியக் கூடாது. வெறும் இடமும் விடக்கூடாது. வெறும் இடத்தைப் பார்த்தால் டெஸ்ட் போடவே இல்லை என்று இன்னொரு தடவை எழுதிவிடுவார். "ரிசல்ட் வந்தது, பரிசீலனையில்" என்று இருக்கட்டும். எச்எல்7 வழியாக ஆஸ்பத்திரிப் பதிவுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இதற்கென்றே குறியீடு இருக்கிறது: `OBR-25`-இல் `R`, அதாவது ரிசல்ட் சேமிக்கப்பட்டது, சரிபார்க்கப்படவில்லை. அளவோடு `P` என்று தற்காலிகமாக அனுப்பலாமே என்பார்கள். பல திரைகள் `P`-யையும் `F`-ஐயும் ஒரே மாதிரி கறுப்பு எழுத்தில்தான் காட்டும். எதிர்ப்பக்கத் திரையை நீங்களே கண்ணால் பார்க்கும்வரை அளவை அனுப்பாமல் இருப்பதே பத்திரம்.

நோயாளிக்கு வாட்ஸ்அப்பில் போகும் பிடிஎஃப் விடுவித்த ரிசல்ட்டில் இருந்து மட்டும் உருவாக வேண்டும். ஒரு தடவை போய்விட்டால் அது குடும்பக் குரூப்புக்கும் துபாயில் இருக்கும் மகனுக்கும் போய்விடும், திரும்பப் பிடிக்க முடியாது.

"உண்மையாவே ஆபத்தான அளவா இருந்தா? பேத்தாலஜிஸ்ட் மதியம்தான் வருவாங்க."

நிறுத்தியது அறிக்கையைத்தான், போனை இல்லை. ஆபத்து எல்லையைத் தாண்டியது எதுவாக இருந்தாலும் பணியில் இருக்கும் டெக்னீஷியன் உடனே டாக்டரைக் கூப்பிட்டு, "பொட்டாசியம் 6.9 காட்டுகிறது, டியூபில் சந்தேகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், நோயாளி எப்படி இருக்கிறார், மறுபடி ரத்தம் எடுக்கலாமா" என்று கேட்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளி என்றால் அந்த 6.9 உண்மையாகவே இருக்கலாம். டாக்டருக்கு அது தெரியும், உங்களுக்குத் தெரியாது. யார், யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னார், எதிர்ப்பக்கம் அளவைத் திரும்பச் சொன்னார்களா என்பதை அந்தச் சாம்பிள் எண்ணின் கீழ் பதியாமல் நிறுத்திவைப்பை விடுவிக்க முடியாதபடி திரையைச் செய்யுங்கள்.

"வெளிய விட்ட அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா மாத்திடலாமா?"

மாற்றலாம், ஆனால் பழையதை மறைத்து இல்லை. அளவு தவறு என்றால் புது அளவை `OBX-11`-இல் `C` போட்டு அனுப்புங்கள், திருத்தப்பட்டது என்று அர்த்தம். ஆளே மாறிப் போயிருந்தால் அதற்கு `W`. அந்த நோயாளியின் பதிவில் முன்பு போனது தவறு என்று அது குறிக்கும். எதிர்ப்பக்க மென்பொருள் இந்த `W`-வைப் புரிந்துகொள்கிறதா என்று முன்கூட்டியே சோதித்து வையுங்கள். தெரியாதது போலத் தள்ளிவிடுபவையும் உண்டு. எதுவானாலும் டாக்டருக்கு ஒரு போன் கட்டாயம்.

"எல்லாத்தையும் இப்படி நிறுத்தினா வேலை நடக்குமா? எங்க பசங்க மொத்தமா டிக் பண்ணி விட்டுடுவாங்க."

விடத்தான் செய்வார்கள். அதனால் மொத்தமாக டிக் செய்யும் பொத்தானையே வைக்காதீர்கள். நிற்பதன் எண்ணிக்கையைக் குறைப்பது விதிகளின் வேலை.

ஆரம்பத்தில் எல்லா ரிசல்ட்டும் ஒரு ஆள் பார்த்துத்தான் போகட்டும். அதே நேரம் விதிகளும் பின்னால் ஓடி, "நான் என்றால் இதை விட்டிருப்பேன், இதை நிறுத்தியிருப்பேன்" என்று எழுதி மட்டும் வைக்கட்டும். ஆள் நிறுத்திய டியூபை விதி விட்டிருக்கும் இடங்களை வாரம் ஒரு தடவை பேத்தாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து பாருங்கள். அப்படி ஒன்றுகூட இல்லாத டெஸ்ட்டைத் தானாகப் போக விடலாம். யூரியா, கிரியேட்டினின், கொலஸ்ட்ரால் சீக்கிரம் அந்த நிலைக்கு வரும். பொட்டாசியம் கடைசியில்தான் வரும்.

எல்லைகளையும் வருகிறவர்களைப் பார்த்து வையுங்கள். முந்தைய அளவில் இருந்து கிரியேட்டினின் இவ்வளவு மாறினால் நிறுத்து என்று விதி போட்டுவிட்டு, பக்கத்தில் டயாலிசிஸ் சென்டர் இருந்தால், அங்கிருந்து வரும் ஒவ்வொரு டியூபும் நிற்கும். டயாலிசிஸுக்கு முன், பின் என்று ஆர்டரிலேயே குறித்துவிட்டு அவற்றுக்குத் தனி எல்லை கொடுத்தால் சரியாகிவிடும்.